மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமானால் முகூர்த்தத்தை என்ன செய்வது? (வெள்ளி 9.00–10.30, மீன லக்னம்)

அக்காமகள்_கல்யாணம்:
எல்லோருக்கும் வணக்கம். கல்யாணப் பெண் என் அக்கா மகள், நான் தாய்மாமன். தை 20, வெள்ளிக்கிழமை, கும்பகோணத்தில் மண்டபம். பத்திரிகையில் "காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள் மீன லக்னத்தில்" என்று அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு சென்னை.

முதல் நாள் மாலையே வந்துவிடுங்கள், மாப்பிள்ளை அழைப்பு வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னோம். வியாழக்கிழமை பாதிப் பேருக்கு ஆபீஸ், பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஆகவே இரவு 1 மணிக்கு பஸ் எடுத்து, காலை 8 மணிக்கு நேரே மண்டபத்தில் இறங்குகிறோம் என்கிறார்கள். தாலியும் கூறைப்புடவையும் அவர்கள் கொண்டுவருவது. கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் தவறினால் 9 ஆகிவிடும், இரண்டு மணி நேரம் தவறினால் 10.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். எத்தனை மணி வரை காத்திருக்கலாம்? நேரம் குறைவாக இருந்தால் எதை விட்டு எதைச் செய்வது? நேரமே தப்பினால் அன்றைக்கே மாற்று நேரம் உண்டா? எங்கள் புரோகிதர் "பார்த்துக்கலாம் வாங்க" என்கிறார். அக்காவுக்கு அந்த பதிலில் தூக்கம் போய்விட்டது.

நல்லநேரம்_சிவா:
இதுக்கு ஏன் சார் இவ்வளவு கவலை? அபிஜித் முகூர்த்தம் இருக்கே. 11.36 முதல் 12.24 வரை. அதில் எந்த தோஷமும் ஒட்டாது. 10.30 தவறினால் நிதானமா டிபன் சாப்பிட்டு 12 மணிக்குத் தாலி கட்டச் சொல்லுங்க. பஞ்சாங்கம் பார்க்கவே வேண்டாம்.

நாழிகை_வட்டில்:
சிவா தம்பி, அபிஜித் என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் நீங்கள் சொன்ன கணக்கை அப்படியே வைத்தால் வெள்ளிக்கிழமையில் அதில் முதல் பாதி ராகு காலத்துக்குள் போய் உட்காரும். வெள்ளி ராகு காலம் 10.30 முதல் 12. மாப்பிள்ளை வீட்டாரிடம் "12 மணிக்குக் கட்டுகிறோம்" என்று சொல்லிவிட்டு, மண்டபத்தில் தினசரிக் காலண்டரைக் கிழிக்கும் பெரியவர்களிடம் என்ன சொல்வீர்கள்?

அது போக, 11.36 முதல் 12.24 என்பது சூரியன் சரியாக 12 மணிக்கு உச்சிக்கு வரும் ஊருக்கும் நாளுக்கும் உரியது. தை 20 வாக்கில் கும்பகோணத்தில் சூரிய உதயம் சுமார் 6.36, அஸ்தமனம் 6.16. உச்சி வேளை 12.26. ஆகவே அன்றைய அபிஜித் 12.03 முதல் 12.49 வரை. புதன்கிழமை என்றால் அதையும் எடுக்க மாட்டார்கள், அது வேறு கதை.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருகிறேன். பத்திரிகையில் அடிக்கும் ஒன்றரை மணி நேரம் என்பது, லக்னம் இருக்கும் நேரத்தை ராகு காலம், எமகண்டம் ஆகிய கட்டங்களுக்குள் அடக்கி, படிக்கச் சுலபமாக 9.00, 10.30 என்று வைத்தது. அன்றைக்கு உங்கள் ஊரில் மீன லக்னம் ஏறத்தாழ 9 மணிக்குத் தொடங்கி 10.40 வாக்கில் முடியும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சில நிமிடம் முன்பின் வரும். அதாவது, உங்களுக்கு இரண்டு எல்லைக்கோடுகள் இருக்கின்றன. 10.30 ராகு காலத்துக்கு, 10.40 லக்னத்துக்கு. முதல் கோட்டைப் பற்றி வாதாடலாம். இரண்டாவதில் வாதமே இல்லை. லக்னம் மேஷத்துக்கு மாறிவிட்டால், நாள் குறித்தவர் பார்த்த கட்டம் மொத்தமும் ஓர் இடம் நகர்ந்துவிடும். ஏழாமிடம் சுத்தமாக இருக்கிறது என்று பார்த்துத்தானே மீனத்தைப் பிடித்திருப்பார்? மேஷத்துக்கு ஏழாமிடம் துலாம், அங்கே யார் இருக்கிறார் என்று அவர் பார்த்திருக்க மாட்டார். பொதுவாக மேஷ லக்னத்தைக் கல்யாணத்துக்கு எடுப்பதும் இல்லை.

இன்னொன்றையும் ஜோசியரிடம் கேட்டுவையுங்கள்: மீன லக்னம் முழுவதுமா, குறிப்பிட்ட நவாம்சமா? 100 நிமிடத்தை ஒன்பதால் வகுத்தால் ஒரு அம்சம் 11 நிமிடம் சொச்சம். சிலர் "9.50க்கு மேல் 10.12க்குள்" என்று வாய்மொழியாகச் சொல்லியிருப்பார்கள், பத்திரிகையில் அது வராது. அப்படி இருந்தால் உங்கள் கணக்கே வேறு.

பந்தக்கால்:
ஐயா சொன்னது நேரக் கணக்கு. நான் மேடைக் கணக்கைச் சொல்கிறேன்.

முகூர்த்த நேரத்துக்குள் நடந்தே ஆக வேண்டியது தாலி கட்டுவது மட்டும். அதற்கு முன்னால் வருவதைச் சுருக்கலாம், பின்னால் வருவது மதியம் வரை போனாலும் குற்றமில்லை. ஆகவே "பஸ் எப்போது வரும்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "மாப்பிள்ளை படி ஏறியதிலிருந்து முடிச்சுப் போட எத்தனை நிமிடம்" என்று கேளுங்கள்.

நிதானமாகச் செய்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வாசலில் வரவேற்பு, மாப்பிள்ளை குளித்து உடுத்துவது, பிள்ளையார் பூஜை, காப்பு, பெற்றோர் பாத பூஜை, தாரை வார்ப்பு, கூறை கொடுத்துப் பெண் உடை மாற்றி வருவது, தாலித் தட்டு சபை முழுக்கச் சுற்றி வருவது. இதில் நேரத்தைத் தின்பவை மூன்று: மாப்பிள்ளை உடுத்துவது, பெண் கூறை மாற்றுவது, தாலித் தட்டு. கூறை மாற்ற 20 நிமிடம் என்பார்கள், 30 ஆகும். ஜடையும் பூவும் கலைந்துவிட்டால் அதற்கு மேலும் போகும். தட்டு 400 பேரைச் சுற்றி வர 15 நிமிடம்.

இந்த மூன்றையும் முன்கூட்டியே எடுத்துவிட்டால் மிச்சம் 25 நிமிடம்தான். வாசலில் ஆலம் சுற்றி உள்ளே வர 3, கைகால் கழுவி மணையில் உட்கார 4, சங்கல்பமும் பிள்ளையாரும் 4, காப்பு 2, தாரை வார்ப்பு 6, தாலிக்குப் பூஜை 2, முன்வரிசைப் பெரியவர்கள் மட்டும் தொட்டு ஆசீர்வதிக்க 2, கட்ட 2. இதற்குக் கீழே போக முயல வேண்டாம். தாரை வார்ப்பில் இரண்டு பக்கமும் மூன்று தலைமுறைப் பெயரும் கோத்திரமும் சொல்ல வேண்டும். அங்கே அவசரப்பட்டால் தாத்தா பெயர் மாறிப்போய், திரும்ப முதலிலிருந்து சொல்லும்படி ஆகும். அதனால் பெயர்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் புரோகிதரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.

ஆக, தாலி 10.25க்கு ஏற வேண்டுமென்றால் மாப்பிள்ளை 10 மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். அதுவும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு.

மாலதி_திருச்சி:
எங்களுக்கும் இதே பிரச்சினைதான். ஆவணியில் திங்கள்கிழமை 6.00 முதல் 7.30. ஆனால் மாப்பிள்ளை வீடு உள்ளூர்தான், ரெண்டு தெரு தள்ளி. பெண்ணுக்கு அலங்காரம் செய்யும் பியூட்டீஷியன் 3 மணிக்கு வந்தாலும் 6.30க்கு முன் முடியாது என்கிறார். அவரை எப்படிச் சீக்கிரம் முடிக்க வைப்பது?

பந்தக்கால்:
மாலதி அம்மா, நீங்கள் கேட்பது வேறு கேள்வி. ஆனால் திங்கள் 6–7.30 என்பதால் ஒரு வார்த்தை. முகூர்த்த அலங்காரம் 5.15க்கு முடிய வேண்டும் என்று பேசிவிடுங்கள், 6 மணி என்று சொன்னால் 6.40 ஆகும்.

நாழிகை_வட்டில்:
மாலதி, திங்கள் 7.30 முதல் 9 ராகு காலம். தவறினால் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். ஆவணி நடுவில் என்றால் 9.05 வாக்கில் துலா லக்னம் பிறக்கும், 10.30க்கு எமகண்டம். அந்த இடைவெளி உங்களுக்கு மாற்றாக வருமா என்று உங்கள் ஜோசியரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்.

அக்காமகள்_கல்யாணம்:
பந்தக்கால் சார், கூறை அவர்கள் கொண்டுவரும் பஸ்ஸில்தானே இருக்கும்? மாப்பிள்ளை வந்தால்தானே கூறையும் வரும்? முன்னாலேயே எப்படி மாற்றுவது?

பந்தக்கால்:
கூறைக்கு ரவிக்கை தைத்தாக வேண்டுமே, அது எப்படி நடக்கிறது? பெரும்பாலும் ஒரு மாதம் முன்னாலேயே புடவை பெண் வீட்டுக்கு வந்து, ரவிக்கைத் துணி வெட்டி, ஓரம் அடித்துத் தயாராகிவிடும். பிறகு மரியாதைக்காக மாப்பிள்ளை வீட்டுக்கே திருப்பி அனுப்பி, தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். இந்த முறை திருப்பி அனுப்ப வேண்டாம். "சம்பந்தி, புடவை எங்களிடமே இருக்கட்டும், மேடையில் உங்கள் கையாலேயே கொடுப்பீர்கள்" என்று சொல்லுங்கள்.

அதிலும் இரண்டு வழி இருக்கிறது. 9.15 வரை மாப்பிள்ளை வராவிட்டால் பெண் கூறையைக் கட்டிக்கொண்டே காத்திருக்கலாம், மேடையில் அந்தச் சடங்குக்கு மஞ்சள் தடவிய வேறொரு வஸ்திரத்தைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். அல்லது கூறையைத் தட்டில் கொடுத்துத் தோளில் போர்த்தி, தாலி ஏறிய பிறகு கட்டிக்கொள்ளலாம். எது ஒத்துவரும் என்பது வீட்டு வழக்கம். பெரிய சம்பந்தியம்மாவிடம் முன்னாலேயே கேட்டுவிட வேண்டும். மேடையில் கேட்டால் அதுவே ஒரு பஞ்சாயத்து.

தாலி விஷயத்தில் இந்த நெகிழ்வு கிடையாது. அது பஸ்ஸில் சூட்கேஸுக்குள் வரக் கூடாது. மாப்பிள்ளை எந்த வண்டியில் வருகிறாரோ அதே வண்டியில், அவர் அம்மாவின் கைப்பையில் வர வேண்டும். மாப்பிள்ளை காரில் முந்தி வந்து சேர்ந்து, தாலி பஸ் டிக்கியில் விக்கிரவாண்டியில் நிற்பது நடக்கக்கூடிய விஷயம்.

விரலிமஞ்சள்:
தாலி வராவிட்டாலும் கல்யாணம் நிற்க வேண்டியதில்லை அண்ணா. மஞ்சள் சரட்டில் விரலி மஞ்சள் கோத்துக் கட்டுவது காலங்காலமாக இருக்கிற வழக்கம்தானே. பொன்தாலியைப் பிறகு ஒரு நல்ல நாளில் அதே சரட்டில் கோத்துக்கொள்ளலாம்.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நுனி ஒடியாத, நடுவில் இடுப்பு மாதிரி சற்றே ஒடுங்கிய காய்ந்த கிழங்கு இரண்டு வாங்கி வையுங்கள். வழவழப்பாக ஒரே பருமனாக இருக்கிற கிழங்கைக் கட்டினால், நூலில் மஞ்சள் குழைத்துப் பூசியதும் வழுக்கி நழுவிவிடும். ஒடுங்கின இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, ஈரம் காயவிட்டு வைத்துவிட்டால் நழுவாது. இதை முதல் நாள் இரவே செய்து பூஜைத் தட்டில், மேலே ஒரு வெற்றிலை போட்டு மூடி வையுங்கள். தேவைப்படாவிட்டால் பூஜையறையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நாத்தனார் முடிச்சு போட மாப்பிள்ளையின் அக்கா தங்கை வர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். அவர் பஸ்ஸில் இருந்தால், முறைக்கு ஒன்றுவிட்ட சகோதரி யாராவது முந்தின வண்டியில் வரட்டும்.

மாலைமாற்று:
இவ்வளவு சிக்கலும் நாமே இழுத்துப் போட்டுக்கொண்டதுதான். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று சேர்த்த 7ஏ பிரிவு இருக்கிறது. 1967 சட்டத் திருத்தம், 1968 ஜனவரியிலிருந்து நடைமுறை. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். லக்னமும் ராகு காலமும் சட்டத்தில் எங்கும் இல்லை. 11.15க்குக் கட்டினாலும் அது திருமணம்தான்.

நாழிகை_வட்டில்:
சட்டப்படி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. மாமாவின் அக்கா பயப்படுவது சட்டத்துக்கு இல்லை, பத்து வருடம் கழித்து ஏதாவது ஒரு கஷ்டம் வரும்போது "அன்றைக்கே நேரம் தப்பிப்போச்சு" என்று யாராவது பெண்ணைப் பார்த்துச் சொல்வார்களே, அதற்கு.

மாலைமாற்று:
அந்தப் பேச்சுதான் உண்மையான தோஷம் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: மாலையை 10.20க்கு மாற்றி, தாலியைப் பிறகு கட்டலாமே? முகூர்த்தத்தில் மாலை மாற்றியாயிற்று என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம்.

கிரந்தச்_சுவடி:
இதில் பாதி நியாயம் இருக்கிறது, பாதி இல்லை. தாலியை மையமாக வைத்துச் செய்யும் வீடுகளில் மாலை மாற்றுவதை முகூர்த்தமாக யாரும் ஏற்க மாட்டார்கள், அது வரவேற்பு மாதிரிதான். ஆனால் "தாலிதான் முகூர்த்தம்" என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. வைதிக முறையில் செய்கிறவர்களிடம் பாணிக்கிரகணமும் சப்தபதியும்தான் விவாகத்தின் உயிர்நாடி. மாங்கல்ய தாரணம் அதற்கு முன்னால் வருகிறது. இந்து திருமணச் சட்டத்தின் ஏழாவது பிரிவிலும், சப்தபதி உள்ள சடங்கு முறையில் ஏழாவது அடி வைத்ததும்தான் திருமணம் பூர்த்தியாகிறது என்று இருக்கிறது.

அப்படியானால் லக்னத்துக்குள் எது வர வேண்டும்? பெரும்பாலான வாத்தியார்கள் மாங்கல்ய தாரணத்துக்கு நேரம் பார்க்கிறார்கள், பாணிக்கிரகணமும் உள்ளே வந்துவிட வேண்டும் என்று பிடிப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகை என்றால் பந்தக்கால் சொன்ன 25 நிமிடம் போதாது, இன்னும் ஒரு 10 நிமிடம் சேர்க்க வேண்டும். மாமா, உங்கள் புரோகிதர் எந்தப் பக்கம்?

அக்காமகள்_கல்யாணம்:
எங்கள் வீட்டில் தாலிதான். ஓமம் உண்டு, ஆனால் தாலிக்குப் பிறகு.

நேற்று இரவு ஜோசியரிடம் பேசினேன். அம்சம் எதுவும் குறிக்கவில்லை, மீன லக்னம் முழுக்க நல்லதுதான் என்றார். 10.30 தாண்டினால் என்று கேட்டதற்கு, "ராகு காலம் உதயத்திலிருந்து கணக்குப் போட வேண்டும், அன்றைக்கு 10.58க்குத்தான் தொடங்கும், 10.40 வரை கட்டலாம்" என்கிறார். இது சரியா?

நாழிகை_வட்டில்:
கணக்கு சரி. பகல் 11 மணி 40 நிமிடம், எட்டால் வகுத்தால் ஒரு பங்கு 87 நிமிடம் சொச்சம். வெள்ளிக்கு நான்காம் பங்கு ராகு. 6.36உடன் மூன்று பங்கைக் கூட்டினால் 10.58. முடிவது 12.26.

நல்லநேரம்_சிவா:
இது எனக்குப் புதுசு. எந்தக் காலண்டரைப் பார்த்தாலும் 10.30–12னுதானே இருக்கு? ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும்னா பத்திரிகை அடிக்கிறவன் எதைப் போடுவான்?

கிரந்தச்_சுவடி:
காலண்டரில் இருப்பது 6 மணி உதயம் என்று வைத்துக்கொண்ட நிரந்தர அட்டவணை. ஆனால் நாழிகை ஐயா, நடைமுறையில் நாள் குறிக்கும்போது எல்லோரும் அந்த அட்டவணையைத்தானே பின்பற்றுகிறோம்? பத்திரிகையில் 10.30 என்று போட்டதே அதை ஏற்றுக்கொண்டதற்குச் சாட்சி. வசதியாக இருக்கும்போது அட்டவணை, நேரம் தப்பும்போது உதயக் கணக்கு என்று மாறுவது எனக்குச் சம்மதமில்லை.

நாழிகை_வட்டில்:
நியாயமான ஆட்சேபணை. அதற்கு என்னிடம் முடிந்த முடிவாகப் பதில் இல்லை. நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்தப் பத்து நிமிடத்தைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். மாப்பிள்ளை தாரை வார்ப்பில் உட்கார்ந்திருக்கும்போது கடிகாரம் 10.31 காட்டினால் நிறுத்தாமல் முடிக்கலாம், ஜோசியர் வாக்கு இருக்கிறது என்ற அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "10.40 வரை இருக்கிறதே" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பஸ் இன்னொரு டீக்கடையில் நிற்கும்.

மாற்று நேரத்தையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். என் கணக்கில் அன்றைக்கு 12.31 வாக்கில் ரிஷப லக்னம் பிறந்து, 2.35 வரை இருக்கும். காலண்டர் கணக்கிலும் உதயக் கணக்கிலும் ராகு காலம் அதற்குள் முடிந்துவிடுகிறது. எமகண்டம் 3 மணிக்குத்தான். ஆகவே 12.35 முதல் 1.30 வரை என்று எடுக்கலாம். சிவா தம்பி சொன்ன அபிஜித்தும் 12.49 வரை அதோடு சேர்ந்து வருகிறது, அந்த அளவுக்குத் தம்பி வாக்குப் பலித்தது. ஆனால் மூன்று விஷயத்தை அவர் பார்க்க வேண்டும்: அன்றைய திதியும் நட்சத்திரமும் அதற்குள் மாறிவிடாமல் இருக்கின்றனவா, ரிஷபத்துக்கு ஏழாமிடமான விருச்சிகத்தில் கிரகம் இருக்கிறதா, சந்திரன் எங்கே. மூன்றும் ஒத்துவந்தால் அது தயார் நிலையில் இருக்கிற இரண்டாம் முகூர்த்தம்.

இலைபோடு:
12.35 என்று முடிவு செய்தால் சமையல்கட்டுக்கு யார் சொல்வது? இங்கே அதை யாரும் பேசவே இல்லை.

9–10.30 முகூர்த்தத்துக்குக் காலை டிபன் 7 மணியிலிருந்து, சாப்பாட்டுப் பந்தி 11 மணிக்கு. 11 மணிப் பந்திக்கு முதல் உலை 9.45க்கே வைத்துவிடுவார்கள். நீங்கள் 10.20க்குத் தள்ளிவைத்தால், 12.35 தாலிக்குப் பிறகு 1 மணிப் பந்திக்கு அந்தச் சாதம் ஆறி விறைத்துப்போகும். அப்பளம், வடை, பொரியல் கடைசியில் செய்வது, பிரச்சினையில்லை. தயிர்ப்பச்சடி நீர்விட்டுப் போகும், கலக்காமல் வைக்கச் சொல்லுங்கள். சாம்பார் தாங்கும். அதனால் 9.30 மணி நிலவரம் சமையல்காரருக்குத் தெரிந்தாக வேண்டும்.

தாலி ஏறாமல் விருந்துச் சாப்பாடு போட மாட்டார்கள். ஆனால் 11 மணிக்கு வெளியூர்க்காரர்கள் பசியில் இருப்பார்கள். டிபனை 11.30 வரை நீட்டுங்கள். இட்லி மாவு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கரைத்து வைத்தால் போதும். இட்லி அவிப்பது கால் மணி வேலை. பொங்கலைக் கூடுதலாகச் செய்ய வேண்டாம், அது காத்திருக்காது.

பந்தக்கால்:
இலைபோடு சொன்னது முக்கியம். அதோடு இன்னும் மூன்று பேரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். புரோகிதரிடம் 2 மணி வரை இருப்பதாக வாக்கு வாங்குங்கள். "பார்த்துக்கலாம்" என்கிறவர்கள் அன்றைக்கே வேறு ஊரில் பகல் வேலை ஒப்புக்கொண்டிருக்கலாம். நாதஸ்வரக் கோஷ்டியிடமும் அதே. மண்டபத்தில் எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், மாலையில் வேறு வரவேற்பு இருக்கிறதா என்று கேளுங்கள். 3 மணிக்குக் காலி செய்ய வேண்டுமென்றால் 1.30 மணித் தாலிக்கு இடமே இல்லை, 12.35க்குக் கட்டியாக வேண்டும்.

இப்போது அன்றைய காலை. யாராவது ஒருவர், மாமா நீங்களே, கையில் தாள் வைத்துக்கொள்ளுங்கள். 7 மணிக்கு வண்டி எங்கே என்று மாப்பிள்ளையிடம் கேட்காதீர்கள், ஓட்டுநரிடம் கேளுங்கள். "பக்கத்துல வந்துட்டோம்" என்பது பதில் அல்ல, ஊர்ப் பெயர் வேண்டும். 7 மணிக்குச் சேத்தியாத்தோப்பு தாண்டியிருந்தால் கவலையில்லை. இன்னும் பண்ருட்டிப் பக்கம் என்றால் 9க்கு முன் வராது, சுருக்கத் திட்டம். விக்கிரவாண்டியிலேயே நின்றால், மாப்பிள்ளையை பஸ்ஸிலிருந்து இறக்கி ஒரு காரில் ஏற்ற வேண்டிய நேரம் அதுதான். அப்போதும் தாலி கூடவே வர வேண்டும்.

8.45க்குள் வந்துவிட்டால் எல்லாம் முறைப்படி. 9.30க்குள் வந்தால் பாத பூஜையைத் தாலிக்குப் பின் வையுங்கள், தட்டு முன்வரிசையோடு நிற்கட்டும். 10 மணி வரை அந்த 25 நிமிடச் சுருக்கம். 10.05 ஆகியும் வாசலில் இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள், 12.35. நடுவில் 10.50க்கு, 11.15க்கு என்று பதற்றத்தில் கட்டுவதுதான் இருப்பதிலேயே மோசம். லக்னமும் போச்சு, ராகு காலமும் சேர்ந்தது.

விரலிமஞ்சள்:
பெண் வீட்டுப் பக்கத்தில் முடிக்கக்கூடியதை மாப்பிள்ளைக்காக நிறுத்த வேண்டாம். புண்ணியாகவாசனம், நவகிரக பூஜை, அரசாணிக்கால் பூஜை, பெண்ணுக்குக் காப்பு எல்லாம் 8.30க்குள் முடித்து, மணை காலியாகத் தயாராக இருக்கட்டும்.

அறிவிப்பைப் பற்றியும் ஒன்று. "மாப்பிள்ளை வீட்டார் தாமதம்" என்று மைக்கில் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வரிக்கு நீங்கள் இருபது வருடம் பதில் சொல்ல வேண்டிவரும். "முகூர்த்தம் 12.35 மணிக்கு ரிஷப லக்னத்தில் நடைபெறும், டிபன் நடந்துகொண்டிருக்கிறது" என்றால் போதும்.

மாலைமாற்று:
முடிவை யார் எடுப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள். 10.05க்கு மேடையில் பதினைந்து சித்தப்பா நிற்பார்கள்.

பந்தக்கால்:
பெண்ணின் அப்பா, மாப்பிள்ளையின் அப்பா, புரோகிதர். மூன்று பேர்தான். மாப்பிள்ளையின் அப்பா பஸ்ஸில் இருப்பார், ஆகவே போனில். அவர் சம்மதம் இல்லாமல் 12.35 என்று அறிவித்துவிட்டால், வந்து இறங்கியதும் "எங்களைக் கேட்காமல் மாற்றினார்கள்" என்று ஆரம்பித்துவிடும்.

அக்காமகள்_கல்யாணம்:
அத்தனை பேருக்கும் நன்றி. இன்று மதியம் சம்பந்தியிடம் பேசினேன். மாப்பிள்ளை, அப்பா அம்மா, அக்கா, தாய்மாமன் ஐந்து பேரும் புதன் இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறி வியாழன் விடியற்காலையே கும்பகோணம் வருகிறார்கள், தாலியோடு. மாப்பிள்ளைக்கு வியாழன் ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும், அதற்கு ஒத்துக்கொண்டார். பஸ் மற்றவர்களோடு இரவு 11க்கே கிளம்பும். கூறை எங்களிடமே இருக்கும்.

ரிஷப லக்னத்துக்கு ஜோசியர் கட்டம் போட்டுப் பார்த்தார், விருச்சிகம் காலியாகத்தான் இருக்கிறது, திதியும் சாயங்காலம் வரை இருக்கிறது, 12.35 முதல் 1.15 வரை எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். மண்டபம் 4 மணி வரை நமக்குத்தான்.

ஒன்று மட்டும் நிற்கிறது. எங்கள் பாட்டி, "உச்சி சாய்ந்த பிறகு எங்கள் குடும்பத்தில் தாலி கட்டினதே இல்லை, அதற்கு 10.40ஏ மேல்" என்கிறார். உச்சி 12.26 என்று சொன்னால் 12.35 சாய்ந்த பிறகுதானே என்று திருப்பிக் கேட்கிறார்.

கிரந்தச்_சுவடி:
பாட்டி கணக்கில் புலி. குலவழக்கம் என்றால் ஜோசியர் எழுத்தைவிட அதற்குத்தான் முதலிடம் கொடுப்பார்கள். அவர் எதிர்க்கிறார் என்றால் 10.40ஐப் பற்றி நான் முன்பு சொன்ன ஆட்சேபணையை உங்கள் வீட்டைப் பொறுத்தவரை விலக்கிக்கொள்கிறேன்.

நாழிகை_வட்டில்:
அப்படியானால் 10.05 என்ற கெடு உங்களுக்கு 10.15 ஆகிறது, பத்து நிமிடம்தான் கூடுதல். பாட்டியிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

இலைபோடு:
சமையல்காரரிடம் பேசினீர்களா?